பார்த்ததா, கேட்டதா? கொரியச் செய்திகளில் 대யும் 데யும்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் கொரிய மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து இரண்டாவது மாதம். கிடங்கில் அட்டைப்பெட்டி இருப்பு எவ்வளவு என்று எங்கள் கொரிய மேலாளர் அம்மா காகாவோ டாக்கில் கேட்டார். நான் கிடங்குக்குப் போகவில்லை. அங்கிருந்த அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஒண்ணுகூட இல்லம்மா" என்றார். நானும் சட்டென்று தட்டிவிட்டேன்:

창고에 박스가 없데요.

அரை நிமிடத்தில் பதில் வந்தது: 본 거예요, 들은 거예요? பார்த்ததா, கேட்டதா?

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பெட்டி இல்லையாம்" என்றுதானே எழுதியிருக்கிறேன்! நேரில் போனபோதுதான் விளக்கினார். நான் எழுத நினைத்தது 없대요. எழுதியது 없데요. முதலாவது, யாரோ சொல்லக் கேட்டது. இரண்டாவது, நானே போய்ப் பார்த்தது. வாய்விட்டுச் சொன்னால் இரண்டும் ஒன்றுதான், ஏறக்குறைய "ஒப்தேயோ". அன்று சாயங்காலம் வேறொரு ரேக்கின் பின்னால் இரண்டு கட்டுப் பெட்டி கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது.

ㅐ, ㅔ என்ற இரண்டு உயிரெழுத்தும் ஒரு காலத்தில் தனித்தனியாக ஒலித்தவை. இன்றைக்கு சியோல்காரர்களில் பெரும்பாலோர் வாயில் இரண்டும் ஒரே "ஏ"தான். நம்மில் பலர் வாயில் பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிட்ட மாதிரி. "நான்" என்னும் 내가வும் "நீ" என்னும் 네가வும் ஒன்றாகக் கேட்டுக் குழம்பும் என்பதால், பேச்சில் "நீ"யை 니가 என்று மாற்றியே சொல்கிறார்கள். எழுத்தைச் சொல்லிக் காட்ட வேண்டி வந்தால் "아이 애", "어이 에" என்று பிரித்துச் சொல்வார்கள். போதாக்குறைக்கு, வழக்கமான கொரிய விசைப்பலகையில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசைகள். கொரியர்களே நாள்தோறும் இதில் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே காதை நம்பிப் பயனில்லை. அந்த விகுதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் எழுத்து பிடிபடும்.

대 என்பது 다고 해 என்பதன் சுருக்கம். "என்று சொல்கிறார்" என்று பொருள். 없다고 해요 சுருங்கி 없대요 ஆகிறது. அந்த ㅐ, "சொல்கிறார்" என்னும் 해யில் இருப்பது. பெயர்ச்சொல்லோடு வந்தால் 래: 학생이래, மாணவராம். "வரச் சொன்னார்" என்றால் 오래. "சாப்பிடலாம் என்கிறார்" என்றால் 먹재. பிறர் சொன்னதைக் கொண்டுவரும் இந்த வடிவங்களில் எல்லாம் ㅐதான், ஏனென்றால் எல்லாவற்றின் வாலிலும் 해 ஒளிந்திருக்கிறது.

데 என்பது 더라வுக்கு உறவு. முன்பு நானே கண்டு உணர்ந்ததை இப்போது நினைவிலிருந்து சொல்வது. 그 집 비싸데 என்றால், அந்தக் கடைக்கு நான் போயிருக்கிறேன், விலை கூடுதலாக இருந்தது. 더வில் உள்ள ㅓவோடு ㅣ சேர்ந்தால் 데 என்று நான் மனத்தில் வைத்துக்கொண்டேன்.

கொரியப் பிள்ளைகளுக்கு, 다고 해 போட்டுப் பார், பொருந்தினால் 대 என்று சொல்லிக்கொடுப்பார்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு அதைவிட எளிய வழி கையிலேயே இருக்கிறது. சொல்ல வந்ததைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். கடைசியில் "ஆம்" ஒட்டுகிறதா? இல்லையாம், வராராம், மழை பெய்யுதாம். ஒட்டினால் 대. "நான் பார்த்தேன், இருந்துச்சு" என்று வந்தால் 데. கொரிய மாணவன் இலக்கணமாகப் படிக்கும் இந்த வேறுபாட்டை நாம் தாத்தா பாட்டி கதையிலேயே கேட்டு வளர்ந்திருக்கிறோம்: ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்.

இந்தச் சோதனை ஓர் இடத்தில் மட்டும் கைவிடும். 왜 이렇게 춥대? என்று அலுத்துக்கொண்டு எழுதுவார்கள். அதில் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. "ஏன்தான் இப்படிக் குளிருதோ?" என்கிற மாதிரியான சலிப்பு. அங்கேயும் 대தான்.

மூன்றாவதாக 는데 என்று ஒன்று இருக்கிறது. உண்மையில் அதிகம் புழங்குவது இதுதான். 비가 오는데 என்றால் "மழை பெய்யுதே...". பின்னால் இன்னும் ஏதோ வரப்போகிறது, அல்லது கேட்பவரே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது. இதில் எப்போதும் ㅔ.

அப்படியானால் 는대 என்று எழுதினாலே தவறா? இல்லை, இங்கேதான் நுணுக்கம். நிகழ்காலத்தில் "ஆம்" சேர்க்கும்போது, வினையடி உயிரில் முடிந்தால் ㄴ대 வரும்: 오다 என்பது 온대, வராராம். 하다 என்பது 한대. வினையடி ㄹ தவிர மற்ற மெய்யில் முடிந்தால் 는대 வரும்: 먹다 என்பது 먹는대, சாப்பிடுறாராம். ஆக, 온대வும் 오는데வும் வெவ்வேறு ஒலி, குழப்பமே இல்லை. 먹는대வும் 먹는데வும் காதுக்கு ஒன்று. மெய்யில் முடியும் வினைகள்தான் உண்மையான கண்ணி.

அதிலும் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். சரக்கை வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்வதாக வாடிக்கையாளர் சொன்னார். நான் 금요일에 받는데요 என்று அனுப்பினேன். "வெள்ளிக்கிழமை வாங்குறாங்களே..." என்று இழுத்து நிறுத்திய மாதிரி ஆகிவிட்டது. 받는데 왜요? என்று பதில் வந்தது. "வாங்குறாங்க, அதுக்கென்ன?" நான் எழுதியிருக்க வேண்டியது 받는대요.

பிறர் அனுப்பியதைப் படிக்கும்போதும் இந்தக் கணக்கு உதவும். கொரிய நண்பர் 내일 온데 என்று எழுதினால் அது பிழை. ஆனால் என்ன பிழை என்று கண்டுபிடித்துவிடலாம். 오다 வினைச்சொல், அதற்கு 는데தான் வருமே தவிர ㄴ데 வராது. எனவே அவர் நினைத்தது 온대, நாளைக்கு வராராம். அதேபோல 오는대 என்று வந்தால் அவர் நினைத்தது 오는데. உயிரில் பிழை இருந்தாலும் நடுவில் உள்ள மெய் காட்டிக்கொடுத்துவிடும். பண்புச்சொல்லிலும் இறந்தகாலத்திலும் 는대 வரவே வராது. 좋은대, 했는대 என்று எங்கே கண்டாலும் அங்கே ㅔ இருந்திருக்க வேண்டும்.

காட்டிக்கொடுக்காத இடம், என் அட்டைப்பெட்டி மாட்டிக்கொண்ட இடம்தான்: 없데, 했데, 좋데. இவை இலக்கணப்படி சரியான சொற்கள், ஆனால் "நானே கண்டேன்" என்ற பொருளில். நடைமுறையில் இப்படி எழுதும் கொரியர்களில் பலர் "ஆம்" என்பதைத்தான் நினைத்திருப்பார்கள். நேரில் கண்டதைச் சொல்ல இந்தக் காலத்தில் 없더라고요, 없던데요 என்பதே அதிகம் கேட்கும் பேச்சு. அதனால் படிக்கும்போது 없데요வை நம்பி முடிவெடுக்காதீர்கள். எங்கள் மேலாளர் அம்மா மாதிரி ஒரு வரி கேட்டுவிடுங்கள். எழுதும்போது, கண்டதற்கு 없던데요, கேட்டதற்கு 없대요 என்று பிரித்துவைத்தால் யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

இதே ஒலிக் குழப்பத்துக்குப் பக்கத்து வீடு 되யும் 돼யும். 돼 என்பது 되어வின் சுருக்கம். 되 என்பது வெறும் வினையடி, அது தனியாக வாக்கியத்தை முடிக்காது. எனவே "முடியாது, கூடாது" என்பது 안 돼요. எங்கும் காண்கிற 안 되요 தவறு. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 하, 해 இரண்டையும் போட்டுப் பார்ப்பது கொரியர்களின் பழைய உத்தி. 하 பொருந்தினால் 되, 해 பொருந்தினால் 돼. 하면 சரி, எனவே 되면. 해서 சரி, எனவே 돼서. 안 해요 சரி, எனவே 안 돼요. "நாளை சந்திப்போம்" என்று மரியாதையாக எழுதும் 내일 봬요வும் இதே கதை. 뵈어요 சுருங்கி 봬요 ஆனது. 뵈요 என்று எழுதுவோர்தான் அதிகம், ஆனாலும் தவறு.

எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். இன்று சரக்கு அனுப்ப முடியுமா என்று கேட்கிறார்கள். 안 돼요: முடியாது. 안 된대요: முடியாதாம், வண்டிக்காரர் சொன்னார். 안 되는데요: முடியாதே, என்ன பண்ணலாம்? 안 되던데요: முயன்று பார்த்தேன், முடியவில்லை. நான்கிலும் பொறுப்பு வெவ்வேறு ஆள் தலையில் விழுகிறது. 안 된데요 என்று எழுதினால், 되다 வினைச்சொல் என்பதால் அது எதுவுமே இல்லை.

ㄹ게வைப் பற்றி ஒரு சொல். "செய்கிறேன்" என்று வாக்குக் கொடுக்கும் 할게 காதில் "ஹல்க்கே" என்று அழுத்தமாக விழுவதால் 할께 என்று எழுதிவிடுவோம். 1988-இல் அறிவித்த எழுத்து விதிகளின் 53-வது விதிப்படி 할게தான் சரி. கேள்வியான 할까? மட்டும் அழுத்த எழுத்தோடு வரும். பழைய வழக்கத்தில் 할께 இருந்ததால் வயதான கொரியர்கள் அப்படி எழுதினால் திருத்தப் போகாதீர்கள், அது மரியாதையில்லை.

தெளிவு கிடைக்காதபோது தேசியக் கொரிய மொழி நிறுவனத்தின் 온라인가나다 பக்கத்தில் ஒரே கேள்வியைப் பலர் கேட்டுப் பதில் வாங்கியிருப்பதைப் பார்க்கலாம். அவசர வேலையில் அதற்கும் நேரம் இருக்காது. அப்போது நான் சுருக்குவதையே விட்டுவிடுவேன். நண்பர்களுக்கு 없대 என்று அனுப்புவேன். மேலாளருக்கு 없다고 합니다 என்று முழுசாகத் தட்டுவேன். அதில் ㅐ எங்கே, ㅔ எங்கே என்ற பேச்சுக்கே இடமில்லை. பெட்டி விஷயத்துக்குப் பிறகு அவருக்கு அனுப்பிய முதல் செய்தி அப்படித்தான் இருந்தது: 창고 담당자 말로는 없다고 합니다. 지금 가서 볼게요. கிடங்குப் பொறுப்பாளர் இல்லை என்கிறார், இதோ போய்ப் பார்க்கிறேன்.