சொட்டுநீர்ப் பாசனத்துக்கு எத்தனை எச்.பி. மோட்டார்? விண்ணப்பிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்ற விவசாயிகளுக்கு 75 விழுக்காடும் மானியம் வழங்கப்படுகிறது. இந்த மானியம் வடிகட்டி, உரம் செலுத்தும் வென்சுரி, மெயின் பைப், சப்மெயின், லேட்டரல் குழாய்கள் ஆகியவற்றுக்கு உரியதே தவிர, கிணற்றில் இறக்கும் மோட்டாருக்கு உரியதன்று. மோட்டாருக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. துணைநிலை நீர் மேலாண்மைப் பணிகள் என்ற திட்டத்தில், சொட்டுநீர் அமைக்கும் விவசாயி மின்மோட்டாரோ டீசல் இன்ஜினோ வாங்கினால், விலையில் பாதி, அதிகபட்சம் 15,000 ரூபாய் என்ற வரம்பில் கிடைக்கும். சூரியசக்தி பம்பு வேண்டுமென்றால் பிஎம்-குசும் திட்டத்தில் மத்திய அரசின் பங்கும் மாநில அரசின் பங்கும் சேர்ந்து பொதுவாக 60 விழுக்காடு மானியம் உண்டு. எந்த வழியில் போனாலும் விண்ணப்பத்தில் மோட்டாரின் திறனைக் குறிப்பிட்டாக வேண்டும். அந்த இடத்தில் பெரும்பாலோர் பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை எச்.பி. ஓடுகிறதோ அதையே எழுதிவிடுகிறார்கள் என்பதால்தான் இந்த விளக்கம்.

கணக்குக்கு மூன்று எண்கள் போதும். நொடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது ஒன்று. அதை மொத்தம் எத்தனை மீட்டர் உயரத்துக்குத் தள்ள வேண்டும் என்பது இரண்டாவது. பம்பின் செயல்திறன் மூன்றாவது.

```
HP = (Q × H) / (75 × η)
```

இதில் Q நொடிக்கு லிட்டர், H மீட்டரில் மொத்த உயரம், η பம்பின் செயல்திறன் (60 விழுக்காடு என்றால் 0.6). அழுத்தத்தை மீட்டராக மாற்றுவது எளிது: பிரஷர் கேஜில் 1 கிலோ காட்டினால், அது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துத் தண்ணீருக்குச் சமம்.

இரண்டரை ஏக்கர், அதாவது 1 ஹெக்டேர் மஞ்சள் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லேட்டரல் குழாய்கள் 1.5 மீட்டர் இடைவெளியில், அவற்றில் 60 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவான், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்று வைத்தால், நிலம் முழுவதும் சுமார் 11,100 சொட்டுவான்கள் வரும்; எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் மணிக்கு 44,400 லிட்டர் வேண்டும். நிலத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு வால்வாகத் திறந்தால் மணிக்கு 11,100 லிட்டர், அதாவது நொடிக்கு 3.08 லிட்டர் போதும்.

அடுத்தது உயரம். இந்தச் சொட்டுவான் 4 லிட்டர் கொடுக்க அதன் வாயில் 1 கிலோ அழுத்தம், அதாவது 10 மீட்டர் இருக்க வேண்டும். லேட்டரலிலும் சப்மெயினிலும் உராய்வால் 2 மீட்டர் குறையும். 63 மில்லிமீட்டர் பிவிசி மெயின் பைப் 120 மீட்டர் நீளம் ஓடுவதால் அதில் 3 மீட்டர். வடிகட்டிக்கு 5 மீட்டர் ஒதுக்க வேண்டும்; கழுவிய வடிகட்டியில் இவ்வளவு இழப்பு இராது என்றாலும், அழுக்கு சேர்ந்த நிலையிலும் பாசனம் நடக்க வேண்டுமல்லவா? கிணற்றுக் குழாய், வளைவுகள், வால்வுகளுக்கு 2 மீட்டர். கடைசியாகக் கிணற்றின் ஆழம்: இங்கே ஐப்பசியில் தெரியும் மட்டத்தை எடுக்காமல், சித்திரை வைகாசியில் தண்ணீர் இறங்கி நிற்கும் மட்டத்தையே எடுக்க வேண்டும். அது தரையிலிருந்து 18 மீட்டர் என்று கொண்டால், எல்லாம் சேர்ந்து 40 மீட்டர். இவ்வளவு ஆழத்திலிருந்து மேட்டில் வைத்த மோனோபிளாக் தண்ணீரை உறிஞ்சாது. கிணற்றுக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார்தான் வேண்டும்.

3.08-ஐ 40-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் 1.64 வருகிறது. தண்ணீரை நகர்த்த மட்டும் தேவையான திறன் இது. பம்பின் செயல்திறன் 60 விழுக்காடு என்றால் 1.64-ஐ 0.6-ஆல் வகுக்க 2.74; அதோடு பத்து விழுக்காடு கூட்டினால் 3 எச்.பி. ஆகிறது. அதே இடத்தில் தேய்ந்துபோன இம்பெல்லரோடு 40 விழுக்காடு செயல்திறனில் ஓடும் பழைய பம்பு இருந்தால் 4.1 எச்.பி. தேவைப்பட்டு, 5 எச்.பி. மோட்டாரைத் தேட வேண்டியிருக்கும். தண்ணீரும் உயரமும் மாறவில்லை. கூடியது பம்பு வீணடிக்கும் திறன் மட்டுமே.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற பம்புசெட்டின் பெயர்ப்பலகையில் ஒட்டுமொத்தச் செயல்திறன் என்று ஓர் எண் இருக்கும். அது பம்பின் செயல்திறனையும் மோட்டாரின் செயல்திறனையும் பெருக்கிய எண். மோட்டார் 75 விழுக்காடு என்றால், 0.6-ஐயும் 0.75-ஐயும் பெருக்க 45 விழுக்காடு கிடைக்கும். அந்த 45-ஐ மேற்கண்ட கணக்கில் போட்டால் மோட்டார் தேவைக்கு மேல் பெரிதாகிவிடும், ஏனென்றால் பலகையில் எழுதியிருக்கும் எச்.பி. மோட்டாரின் தண்டு வெளியே தரும் திறனே. ஒட்டுமொத்தச் செயல்திறன் பயன்படுவது மின்கம்பியிலிருந்து எவ்வளவு இழுக்கும் என்று அறியத்தான். நம் தோட்டத்தில் அது சுமார் 2.7 கிலோவாட்.

எச்.பி. சரியாக இருந்தும் ஏமாறுகிறவர்கள் உண்டு. வாய்க்காலில் விட்டுப் பாய்ச்சுவதற்காக வாங்கிய 5 எச்.பி. பம்பு நிறையத் தண்ணீரைக் குறைந்த உயரத்துக்குத் தள்ளும்படி செய்யப்பட்டிருக்கலாம். 40 மீட்டரில் அது சொட்டுவானுக்கு வேண்டிய அழுத்தத்தைத் தராது. ஆகவே கடையில் எச்.பி.யைக் கேட்பதோடு நிறுத்தாமல், 40 மீட்டர் ஹெட்டில் நொடிக்கு 3.1 லிட்டர் தருமா என்று கேட்டு, நிறுவனத்தின் அட்டவணையில் அந்த வரியைக் காட்டச் சொல்ல வேண்டும்.

வேலை மிச்சம் என்று நான்கு பகுதிகளை இரண்டாக்கச் சிலர் விரும்புவார்கள். அப்போது ஓட்டம் இரட்டிப்பாகி, அதே மெயின் பைப்பில் உராய்வு 3 மீட்டரிலிருந்து 11 மீட்டருக்கு ஏறும். மொத்த உயரம் 48 மீட்டர், தேவை 6.6 எச்.பி., வாங்க வேண்டியது 7.5. நான்கு பகுதிகளாக ஓட்டினாலும், நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் கொடுக்கப் பகுதிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், மொத்தம் நாலரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மானிய வரம்பு 15,000 ரூபாயில் நிற்பதால் பெரிய மோட்டாரின் கூடுதல் விலை விவசாயியின் கையிலிருந்தே போகும். சூரியசக்தி பம்பில் இந்த வித்தியாசம் இன்னும் கனமானது: 3 எச்.பி.க்குச் சுமார் 3,000 வாட் தகடுகள் வேண்டும், எச்.பி. ஏற ஏற அதுவும் ஏறும்.

அமைத்து முடித்ததும், பணி நிறைவுக்குக் கையெழுத்துப் போடும் முன்னர், பம்பிலிருந்து மிகத் தொலைவிலுள்ள லேட்டரலின் கடைசிச் சொட்டுவானுக்கு அடியில் ஒரு டம்ளரை 3 நிமிடம் வைத்துப் பாருங்கள். 4 லிட்டர் சொட்டுவான் என்றால் 200 மில்லிலிட்டர் சேர வேண்டும். 150 தான் சேர்ந்தால் அங்கே அழுத்தம் 1 கிலோவுக்குப் பதில் அரை கிலோவுக்குச் சற்று மேல்தான் இருக்கிறது என்று பொருள். உடனே மோட்டாரைக் குறை சொல்லாமல் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு கேஜ்களையும் படியுங்கள். இடைவெளி அரை கிலோவைத் தாண்டினால் வடிகட்டியைக் கழுவிவிட்டு மறுபடி டம்ளரை வையுங்கள். வடிகட்டி சுத்தமாக இருந்தும் அளவு தேறவில்லையென்றால், வரைபடத்தில் காட்டிய குழாய் அளவும் நிலத்தில் பதித்த குழாய் அளவும் ஒன்றுதானா என்று நிறுவனத்தின் ஆளை வைத்துக்கொண்டே சரிபார்க்க வேண்டும்.