முன்கூட்டியே பணம் தருகிறேன், தள்ளுபடி தாருங்கள்: சப்ளையரிடம் கேட்பதற்கு முன் விதி என்ன சொல்கிறது

"பில்லை உடனே செட்டில் செய்துவிடுகிறோம், ஒரு ரெண்டு சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று வாங்குபவர் கேட்பது வியாபாரத்தில் புதிதில்லை. இந்தியச் சட்டத்தில் இதற்குத் தடையும் இல்லை. ஆனால் சப்ளையர் குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் அந்த 'உடனே' என்பதற்குச் சட்டம் ஏற்கெனவே ஒரு எல்லை வைத்திருக்கிறது. அது தெரியாமல் பேரம் பேசினால், கொடுத்தே தீர வேண்டிய நாளில் பணத்தைக் கொடுத்துவிட்டு அதற்கும் கழிவு கேட்ட கதையாகிவிடும்.

முதலில் அந்த எல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவுமே இல்லை என்றால் 15 நாள்தான் அவகாசம். சரக்கு வந்து 15 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், அது வந்து சேர்ந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. "எங்கள் கம்பெனி பாலிசி 90 நாள்" என்று பர்ச்சேஸ் ஆர்டரில் அச்சடித்து வைத்திருப்பவர்கள் உண்டு. குறு, சிறு நிறுவனத்துக்கு எதிராக அந்த வரி செல்லாது.

தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 5.5% என்றால் வட்டி 16.5%. இந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது. அதோடு, கெடுவைத் தாண்டிய பில் தொகையையே பணம் உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது. மார்ச் கடைசியில் கணக்குப் பிரிவுகள் சின்ன சப்ளையர்களின் பில்லைத் தேடித்தேடித் தீர்ப்பது இதனால்தான். சப்ளையர் நடுத்தர நிறுவனம் என்றால் இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது, குறுவுக்கும் சிறுவுக்கும் மட்டும்தான். சப்ளையர்களிடம் உத்யம் பதிவு எண் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் யார் எதில் வருகிறார் என்று தெரிந்துவிடும்.

ஆகவே நியாயமாகத் தள்ளுபடி கேட்கக்கூடிய இடம், சட்டப்படி கடைசியாகத் தர வேண்டிய நாளுக்கும் நீங்கள் உண்மையில் தரப்போகும் நாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மட்டுமே. 45 நாள் கெடு உள்ள பில்லை 10ஆம் நாள் தீர்த்தால் நீங்கள் விட்டுக்கொடுப்பது 35 நாள். தள்ளுபடி என்பது அந்த 35 நாளுக்கான விலை. 60ஆம் நாள் தரவேண்டியதை 45ஆம் நாளே தருவதாகச் சொல்லிக் கழிவு கேட்டால், இல்லாத உரிமையை விற்கப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, எத்தனை சதவீதம் கேட்கலாம்? பெரும்பாலான பேச்சுவார்த்தை இங்கேதான் கெடுகிறது, ஏனென்றால் இரண்டு சதவீதம் கேட்க ரொம்பச் சின்னதாக இருக்கும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பில் 5,00,000 ரூபாய், அதன்மேல் 18% ஜிஎஸ்டி 90,000, மொத்தம் 5,90,000. கெடு 45 நாள், நீங்கள் 10ஆம் நாள் தரத் தயார். சப்ளையர் ஓடி எனப்படும் வங்கி மிகைப்பற்றுக் கணக்கில் 12% வட்டிக்குப் பணம் எடுத்துத் தொழில் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். 5,90,000 ரூபாய் அவர் கைக்கு 35 நாள் முன்னால் வந்தால் அவருக்கு மிச்சமாகும் வட்டி சுமார் 6,790. அதே பணம் உங்கள் கையில் வைப்பில் கிடந்தால், 7% என்று வைத்தாலும், 35 நாளுக்கு உங்களுக்குக் கிடைப்பது சுமார் 3,960. ஆக 3,960க்கு மேலே, 6,790க்குக் கீழே எந்தத் தொகையில் முடிந்தாலும் இரண்டு பேருக்கும் லாபம்.

இப்போது சதவீதத்தைப் பாருங்கள். 2% கேட்டால் 10,000 ரூபாய். ஓடியில் எடுத்திருந்தால் 6,790தான் ஆகியிருக்கும், அவர் ஏன் 10,000 தர வேண்டும்? 1.5% என்றாலும் 7,500, அதுவும் அவருக்கு நஷ்டம்தான். 1% என்றால் 5,000, அவருக்கு 1,790 மிச்சம், உங்களுக்கு வைப்பு வட்டியைவிட 1,040 அதிகம். நான் கேட்பதாக இருந்தால் 1%-லேயே ஆரம்பிப்பேன். வங்கிக் கடன் கிடைக்காமல் வெளியில் அதிக வட்டிக்கு வாங்கும் சப்ளையர் 2% கூடச் சந்தோஷமாகத் தருவார், ஆனால் அது அவராகச் சொல்ல வேண்டிய எண்.

அடுத்தது ஜிஎஸ்டி. எதன்மேல் தள்ளுபடி, வரிக்கு முந்தைய தொகையின் மேலா, மொத்தத்தின் மேலா என்று முதலிலேயே சொல்லிவிடாவிட்டால் முதல் பில்லிலேயே சண்டை வரும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 15(3) பிரிவு, சரக்கு கொடுத்த பிறகு தரும் தள்ளுபடியை வரி மதிப்பிலிருந்து கழிக்க நிபந்தனை போடுகிறது. அந்தத் தள்ளுபடி சப்ளைக்கு முன்போ சப்ளையின்போதோ செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், குறிப்பிட்ட பில்லோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும், வாங்குபவர் அந்த அளவுக்கு உள்ளீட்டு வரி வரவைத் திருப்பியிருக்க வேண்டும். ஒப்பந்தம் பற்றிய நிபந்தனையை நீக்கலாம் என்று 2025 செப்டம்பரில் கூடிய 56ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தது. உங்கள் பில் தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் முன்கூட்டியே எழுதிவைப்பதில் நஷ்டம் இல்லை.

நம் கணக்கில் இது இப்படி வரும். சப்ளையர் ஜிஎஸ்டியோடு கிரெடிட் நோட் போட்டால், 5,000 தள்ளுபடி, அதன்மேல் 900 வரி, மொத்தம் 5,900 குறையும். நீங்கள் 5,84,100 கொடுத்து, 900 ரூபாய் உள்ளீட்டு வரியைத் திருப்புகிறீர்கள். உங்களுக்கு நிகர லாபம் 5,000, அவருக்கு நிகரச் செலவும் 5,000, ஏனென்றால் 900 வரி அவருக்குக் குறைந்துவிடுகிறது. இன்னொரு வழி, ஜிஎஸ்டியைத் தொடாத வணிகக் கிரெடிட் நோட். அதில் 5,000 மட்டும் குறையும், நீங்கள் தருவது 5,85,000, வரி வரவு முழு 90,000 அப்படியே நிற்கும். இந்த மாதிரி நோட்டுக்கு வரவைத் திருப்பத் தேவையில்லை என்று 2025 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை வந்திருக்கிறது. பலன் இரண்டிலும் ஒன்றுதான்.

வம்பு வருவது மூன்றாவது வகையில். வாங்குபவரின் கணக்குப் பிரிவு 5,90,000க்கு 1% என்று 5,900ஐக் கழித்துவிட்டு, வணிகக் கிரெடிட் நோட் கேட்கும். அப்போது 900 ரூபாயும் சப்ளையரின் கையிலிருந்தே போகிறது, அவர் அரசுக்குக் கட்டிய வரி குறையவில்லை. கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான் கழிக்கிறது" என்பார்கள். சிஸ்டம் சொன்னபடிதான் கழிக்கும், அதற்குச் சொன்னது யார் என்பதுதான் கேள்வி. ஒரு பில்லில் 900 சின்னத் தொகை, வருஷம் முழுக்கப் போகும் பில்களில் அப்படி இல்லை.

ஆகவே கடிதத்தில், அல்லது பர்ச்சேஸ் ஆர்டரின் நிபந்தனைகளில், இப்படி எழுதிவிட்டால் போதும்:

"இந்த ஆர்டரின் கீழ் வரும் ஒவ்வொரு பில்லுக்கும் பணம் தர வேண்டிய கெடு, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாள். ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 10 நாளுக்குள் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தால், அந்தப் பில்லின் ஜிஎஸ்டி நீங்கலான மதிப்பில் 1% தள்ளுபடி. 10 நாளைத் தாண்டினால் தள்ளுபடி கிடையாது, முழுத் தொகையும் தரப்படும். கிரெடிட் நோட் எந்தப் பில்லுக்கு என்று எண் குறித்து, பணம் வந்த மாதத்துக்குள் அனுப்பவும். விருப்பமில்லை என்றால் எழுதித் தெரிவித்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் ஆர்டர் பாதிக்காது."

கடைசி வரியைக் கட்டாயம் வையுங்கள். பெரிய வாடிக்கையாளர் கேட்டால் சின்ன சப்ளையருக்கு மறுக்கத் தைரியம் வராது, பிறகு அதையே விலையில் ஏற்றிவிடுவார், உங்கள் 1% உங்களுக்கே தெரியாமல் காணாமல் போகும். நாளை எண்ணத் தொடங்குவது சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்தா, பில் தேதியிலிருந்தா, பில் உங்கள் மேஜைக்கு வந்த தேதியிலிருந்தா என்பதையும் தெளிவாக எழுத வேண்டும். ஏற்றுக்கொண்ட தேதி என்று வைத்தால் சட்டத்தின் 45 நாள் எண்ணிக்கையோடு ஒத்துப்போகும்.

நடைமுறையில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று. பணம் 18ஆம் நாள்தான் போகும், ஆனால் தள்ளுபடி 10ஆம் நாளுக்கு உரியபடி முழுதாகக் கழிந்திருக்கும். ஒப்புதலுக்கு மேனேஜர் மேஜையில் பில் ஒரு வாரம் கிடந்ததுதான் காரணமாக இருக்கும். சப்ளையர் பார்வையில் இது தள்ளுபடியே இல்லை, குறைத்துக் கொடுத்த பணம். மீதித் தொகை 45 நாளைத் தாண்டினால் அந்த மீதிக்கும் மேலே சொன்ன கூட்டு வட்டி ஓடும். உங்கள் ஒப்புதல் நடைமுறைக்கே 12 நாள் ஆகும் என்றால் 10 நாள் வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதில் நாளுக்கு ஏற்பக் குறையும் தள்ளுபடி வைக்கலாம். 35 நாள் முன்னால் தந்தால் 1%, 25 நாள் முன்னால் தந்தால் அதில் 35ல் 25 பங்கு, அதாவது நம் பில்லில் சுமார் 3,570. சப்ளையருக்கும் இது சரியாகப் படும், உங்கள் ஆட்களுக்கும் கெடு தப்பியதை மறைக்கும் சபலம் வராது.

பழைய பில்களுக்கும் இப்போதே தள்ளுபடி கேட்கலாமா என்றால், கேட்கலாம், சப்ளையர் ஒப்புக்கொண்டால். ஆனால் அந்தப் பில்கள் போனபோது ஒப்பந்தத்தில் இது இல்லை என்பதால் அவற்றுக்கு வணிகக் கிரெடிட் நோட்டே பாதுகாப்பு.

சப்ளையராக இதைப் படிப்பவர்களுக்கு: ஒப்புக்கொள்ளாத தள்ளுபடியை யாராவது கழித்துவிட்டால், முதலில் எழுத்தில் மீதித் தொகையைக் கேளுங்கள், பில் எண்ணும் சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியும் குறிப்பிட்டு. நகரவில்லை என்றால், உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனம் 18ஆம் பிரிவின் கீழ் மாநில அரசின் குறு, சிறு நிறுவன வசதியாக்க மன்றத்துக்குப் போகலாம், இணையம் வழியாகவும் மனு போடலாம். அந்த மனுவோடு இணைக்க ஆர்டர், டெலிவரி சலான், பில், வங்கியில் வந்த தொகையைக் காட்டும் பக்கம் ஆகியவை கையில் இருக்கட்டும்.