ஹெப்படைட்டிஸ் பி: மூன்றாவது ஊசிக்குப் பிறகு கேட்டு வாங்க வேண்டிய ஒரு பரிசோதனை

டர்பனில் மருத்துவமனை வேலைக்குப் போகிற நம்மவர்கள் கொண்டுவந்து காட்டும் காகிதங்களில் நான் மிகுதியாகக் காண்பது ‘ஹெப்படைட்டிஸ் பி: நெகட்டிவ்’ என்று அச்சிட்ட ஆய்வகச் சீட்டுதான். தடுப்பூசி வேலை செய்திருக்கிறது, இனிப் பயமில்லை என்று அதைக் காட்டித்தான் அவர்களை அனுப்பிவைத்திருப்பார்கள். அந்தச் சீட்டு சொல்வது வேறு. எச்பிஎஸ்ஏஜி என்ற அந்தப் பரிசோதனை, கல்லீரலைத் தாக்கும் அந்தக் கிருமி உடம்பில் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. ஊசியினால் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று பார்ப்பது ஆன்ட்டி எச்பிஎஸ் என்னும் வேறொரு பரிசோதனை. அதன் முடிவு ஓர் எண்ணாக வரும், பத்து அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பாதுகாப்பு உண்டு என்று கொள்வார்கள். பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் படிவத்தில் தவறான கட்டத்தில் குறியிடுவது எளிது. தவறாகக் குறியிட்டவர்கள் அதன் விலையைக் கொடுப்பதும் இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் 1993ஆம் ஆண்டின் தொழில் நலம் மற்றும் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2022இல் வெளியான அபாயகரமான உயிரியல் காரணிகள் பற்றிய விதிகளும் இரத்தத்தோடு புழங்கும் வேலையில் இருப்பவரின் அபாயத்தை மதிப்பிட்டுத் தடுக்கும் பொறுப்பை முதலாளியின் மேல் வைக்கின்றன. அச்சட்டத்தின் 23ஆம் பிரிவை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: சட்டப்படி தொழிலாளியின் பாதுகாப்புக்காக முதலாளி செய்ய வேண்டிய எதற்காகவும் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது, தொழிலாளியைப் பணம் கட்டச் சொல்லவும் கூடாது. ‘ஊசி நாங்கள் போடுகிறோம், ஆய்வகக் கட்டணம் உங்களுடையது’ என்று யாராவது சொன்னால், அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி, அதே வாக்கியத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுத்தில் தரச் சொன்னவுடன் கட்டணப் பேச்சு நின்றுபோவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி, பரிசோதனையின் காலம். பெரியவர்களுக்கு ஊசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். அதைப் புட்டத்தில் போட்டால் பலன் குறையும், தோள்பட்டைத் தசையில்தான் போட வேண்டும். மூன்றாவது ஊசியிலிருந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ஆன்ட்டி எச்பிஎஸ் பார்க்க வேண்டும். ஜனவரி 10ஆம் தேதி தொடங்கியவருக்கு மூன்றாவது ஊசி ஜூலை 10இல் விழும். ஆகஸ்ட் 10க்கும் செப்டம்பர் 10க்கும் இடையில் இரத்தம் எடுக்க வேண்டும். இந்தக் கெடுவுக்குக் காரணம் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியின் அளவு அப்போது உச்சத்தில் இருக்கும், பிறகு ஆண்டுதோறும் தானாகவே இறங்கும். உரிய காலத்தில் பத்துக்கு மேல் வந்தவருக்குப் பின்னாளில் எண் இறங்கினாலும் உடம்பு கிருமியை நினைவில் வைத்திருக்கும். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு மறுபடி ஊசி வேண்டியதில்லை. ஆனால் ஐந்து ஆண்டு கழித்து முதன்முதலாகச் சோதித்து எண் நான்கு என்று வந்தால், அவர் உடம்பு ஊசியை ஏற்று பிறகு இறங்கியதா, தொடக்கத்திலேயே ஏற்கவில்லையா என்பதை அந்த எண்ணைக் கொண்டு சொல்லவே முடியாது. பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு மூன்று ஊசியும் ஏறுவதில்லை. வயது நாற்பதைத் தாண்டியவர், புகைபிடிப்பவர், உடல் பருத்தவர், சர்க்கரை நோயாளி ஆகியோரிடம் இது இன்னும் அதிகம்.

சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவுக்கு நேர்ந்தது இதுதான். வயது நாற்பத்தேழு, ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் மூலம் ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலை. மூன்று ஊசியும் போட்டாயிற்று, அட்டையில் முத்திரையும் உண்டு, கையில் அந்த ‘நெகட்டிவ்’ சீட்டும் உண்டு. ஒரு மார்ச் மாதக் காலையில் குப்பைப் பையைத் தூக்கியபோது உள்ளிருந்த ஊசி கையுறையைத் துளைத்தது. மருத்துவமனையின் ஊழியர் கிளினிக், ‘நீங்கள் எங்கள் ஆள் அல்ல, உங்கள் நிறுவனத்திடம் போங்கள்’ என்றது. நிறுவனமோ, மேற்பார்வையாளரின் கையெழுத்தில்லாமல் எதுவும் நடக்காது என்றது. மேற்பார்வையாளருக்கு அன்று விடுப்பு. ஊசி யாருடைய உடம்பிலிருந்து வந்தது என்று தெரியாதபோது, கிருமி உள்ளவருடையது என்றே எண்ணி நடக்க வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. அதை யாருக்கு யார் சொல்வது?

மறுநாள்தான் சரியான பரிசோதனை நடந்தது. எண் மூன்று. ஆயத்த எதிர்ப்புப் பொருளான இம்யுனோகுளோபுலின் ஊசியை அன்று மாலையே போட்டு, தடுப்பூசியின் இரண்டாம் சுற்றையும் தொடங்கினார்கள். இம்யுனோகுளோபுலினைக் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஊசி குத்தி ஏழு நாள் கடந்துவிட்டால் அதைப் போட்டுப் பயன் உண்டு என்று சொல்ல முடியாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்கு 72 மணி நேரமே கெடு, அதிலும் முதல் சில மணி நேரமே மதிப்புள்ளது. கையெழுத்துக்காக அலைந்த ஒரு நாளை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாம் சுற்றின் கடைசி ஊசி செப்டம்பரில் முடிந்தது, சோதனை அக்டோபர் இறுதியில். இடையில் ஒருவர் அவசரப்பட்டு ஜூன் மாதமே சோதிக்கச் சொன்னார், நாங்கள் மறுத்தோம். இம்யுனோகுளோபுலின் வெளியிலிருந்து கொடுத்த சக்தி சில மாதங்கள் இரத்தத்தில் தங்கிப் பொய்யான எண்ணைக் காட்டும், அதனால் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அக்டோபரில் எண் 164 வந்தது. ஆறு ஊசிக்குப் பிறகும் பத்தைத் தொடாதவருக்கு, ஏற்கெனவே நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அவரை ஊசி ஏறாதவர் என்று கோப்பில் எழுத வேண்டும். பின்னாளில் ஊசி குத்தினால் அவருக்கு இம்யுனோகுளோபுலின் ஒரு மாத இடைவெளியில் இருமுறை தேவைப்படும்.

ஒப்பந்தத் தொழிலாளர் என்றால், ஊசி குத்தியதை மருத்துவமனைக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுத்துமூலம் தெரிவித்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதச் செய்யுங்கள். இழப்பீட்டு ஆணையருக்கு ஏழு நாளுக்குள் தெரிவிப்பது முதலாளியின் கடமை. ஊசி குத்திய உடனே உங்கள் இரத்தத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். அன்று நோய் இல்லை என்ற முடிவு கையில் இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து நோய் தெரியவரும்போது ‘இது முன்பே இருந்தது’ என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 23ஆம் பிரிவு ஊழியருக்கு உரியது. கல்லூரியில் சேர்ந்து பயிற்சிக்குப் போகும் மாணவரைப் பணம் கட்டச் சொன்னால் அதைக் காட்டித் தப்ப முடியாது. ஆனால் செலவைக் குறைக்கலாம். இந்நாட்டில் 1995 முதல் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி போடப்படுகிறது. குழந்தைப்பருவத்தில் மூன்றும் போட்டதற்கு அட்டை உள்ளவருக்கு இன்று எண் பத்துக்குக் கீழ் வந்தால், உடனே மூன்று ஊசியையும் வாங்கச் சொல்வார்கள். முதலில் ஒன்று போட்டு, ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் சோதித்தால் போதும். பெரும்பாலோருக்கு எண் ஏறிவிடும். ஏறாதவருக்கு மட்டுமே மீதி இரண்டும். நடுவில் தவணை தப்பியவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒப்பந்தம் கைமாறும்போது பழைய நிறுவனத்தோடு கோப்பும் போய்விடும். ஆகவே ‘இம்யூன்’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காமல், எண்ணும் தேதியும் உள்ள ஆய்வகச் சீட்டையே கேட்டு வாங்கி, ஊசி அட்டையோடு சேர்த்துக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.