பட்டறிவுசார் பாதை இழப்பு மாதிரி: சொல்லும் அதன் எல்லையும்

அலைபேசிக் கோபுரத்திலிருந்து புறப்படும் வானலை, கருவியை வந்தடைவதற்குள் எவ்வளவு வலுவிழக்கும் என்பதைக் கணிக்கும் சூத்திரங்களில் ஒரு வகையை ‘எம்பிரிக்கல் பாத்லாஸ் மாடல்’ என்பார்கள். முதற்சொல்லின் வேர் கிரேக்க மொழியில் அனுபவத்தைக் குறிக்கும் ‘எம்பெய்ரியா’. இதற்கு ‘அனுபவவழி’ என்ற சொல்லும் உண்டு. ஆயினும் பட்டு அறிந்தது என்று விரியும் ‘பட்டறிவு’ இங்கே மிகச் சரியாகப் பொருந்துகிறது. அலையின் இயற்பியலிலிருந்து வருவிக்கப்படாமல், தெருக்களில் அளந்த அளவீடுகளுக்குப் பொருந்துமாறு அமைக்கப்பட்டது என்பதே இதன் கருத்து. ‘பாதை இழப்பு’ என்பது அனுப்பிய திறனுக்கும் பெற்ற திறனுக்கும் உள்ள விகிதத்தை டெசிபலில் சொல்வது. அலைவாங்கிகளின் பெருக்கம் இதில் சேராது.

பட்டறியாததை இம்மாதிரி அறியாது என்பதையும் அந்தச் சொல்லே உணர்த்துகிறது. டோக்கியோ வட்டாரத்தில் அளந்து ஒக்குமுரா 1968இல் வெளியிட்ட வளைகோடுகளை, ஹாட்டா 1980இல் சூத்திரமாக்கினார். அது 150 முதல் 1500 மெகாஹெர்ட்சு வரையிலும், நிலைய அலைவாங்கியின் உயரம் 30 முதல் 200 மீட்டர் வரையிலும், கருவியின் உயரம் 1 முதல் 10 மீட்டர் வரையிலும், தொலைவு 1 முதல் 20 கிலோமீட்டர் வரையிலும் செல்லும். ஐரோப்பாவின் காஸ்ட் 231 திட்டம், அதே வளைகோடுகளின் மேற்பகுதியை ஆராய்ந்து, 1500 முதல் 2000 மெகாஹெர்ட்சு வரைக்கான திருத்தத்தைத் தந்தது:

```
L = 46.3 + 33.9 log f − 13.82 log hb − a
    + (44.9 − 6.55 log hb) log d + C
```

இதில் L என்பது டெசிபலில் இழப்பு; அதிர்வெண் f மெகாஹெர்ட்சிலும், நிலைய அலைவாங்கியின் உயரம் hb மீட்டரிலும், தொலைவு d கிலோமீட்டரிலும் அமையும்; log பத்தடி மடக்கை. a என்பது கருவியின் உயரத்துக்கான திருத்தம். C பெருநகர மையத்தில் 3, நடுத்தர நகரில் 0.

1800 மெகாஹெர்ட்சு, நிலைய உயரம் 30 மீட்டர், கருவி 1.5 மீட்டர், தொலைவு 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கருவி இந்த உயரத்தில் இருக்கும்போது a ஏறத்தாழச் சுழி. பெருநகர மையத்துக்கு இழப்பு 149.8 டெசிபல் என வருகிறது. அதிர்வெண் எல்லையைக் கவனியாமல் ஹாட்டாவின் மூலச் சூத்திரத்தையே இட்டால் 144.9தான் கிடைக்கும். தொலைவு பத்து மடங்காகும்போது இழப்பு 35.2 டெசிபல் கூடும் என்பதால், இந்த 4.9 டெசிபல் குறைமதிப்பீடு, ஒரு கோபுரத்தின் அலை எட்டும் பரப்பான கலத்தின் ஆரத்தை ஏறக்குறைய 38 விழுக்காடு மிகையாகக் காட்டிவிடும். சூத்திரம் எந்த எச்சரிக்கையும் தராமல் நம்பத்தக்க எண்ணையே தருவதால், இப்பிழை திட்டமிடும்போது கண்ணில் படாது. வண்டியில் சென்று அளக்கும்போது, கலத்தின் ஓரங்களில் குறிகை தொடர்ந்து ஒரே பக்கமாகக் குறைந்திருப்பதைக் கொண்டே தெரியவரும்.

அதிர்வெண்ணைவிட உயரமே அதிகம் ஏமாற்றுவது என்பது என் கருத்து. மேற்சொன்ன இரண்டு சூத்திரங்களும் அலைவாங்கி சுற்றியுள்ள கூரைகளுக்கு மேலே நிற்பதாகக் கொள்கின்றன. 30 மீட்டர் கோபுரமானாலும் அருகிலுள்ள கட்டடங்கள் 35 மீட்டர் உயர்ந்திருந்தால் அவை பொருந்தா. அங்கே கூரை உயரம், தெரு அகலம், கட்டட இடைவெளி ஆகியவற்றையும் கேட்கும் வால்ஃபிஷ்–இக்கேகாமி மாதிரியை நாடலாம்; 800 முதல் 2000 மெகாஹெர்ட்சு வரை, 4 முதல் 50 மீட்டர் உயரம் வரை அது செல்லும். ஆனால் கூரைக்குக் கீழே அதன் பிழையும் பெரிதாகும் என்பதால், அவ்விடத்திலேயே சில தெருக்களில் அளந்து மாறிலியைத் திருத்திக்கொள்ள வேண்டும். 3500 மெகாஹெர்ட்சுக்கு இம்மூன்றுமே எல்லை கடந்தவை. உயர் அதிர்வெண்களில் அளந்து உருவாக்கிய புதிய மாதிரியே அங்கு வேண்டும்.