மூன்று குழுக்கள் இருந்தால் 63 பேர் போதாது

மதுரையில் முதுநிலை மருத்துவ, பிசியோதெரபி மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களைப் பார்க்கும்போது ஒரு குறை அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆய்வில் மூன்று குழுக்கள் இருக்கும். மாதிரி அளவை மட்டும் இரண்டு குழுக்களுக்கான கணக்கில் போட்டிருப்பார்கள்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை பறிக்கும் பெண்களின் முழங்கால் வலிக்கு மூன்று சிகிச்சைகள்: உடற்பயிற்சி மட்டும், உடற்பயிற்சியோடு ஒத்தடம், உடற்பயிற்சியோடு டேப். வலியை 100 மி.மீ. அளவுகோலில் அளக்கிறோம். 10 மி.மீ. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், திட்ட விலக்கம் 20.

```
n = 2 × (Zα + Zβ)² × SD² / d²
2 × (1.96 + 0.84)² × 400 / 100 ≈ 63
```

80 சதவீத பவருக்கு, அதாவது வித்தியாசம் உண்மையில் இருந்தால் நூற்றில் 80 முறை அதைக் கண்டுபிடிக்க, குழுவுக்கு 63 பேர். ஆனால் மூன்று குழுக்களில் மூன்று ஜோடிகள் உண்டு. ஒவ்வொன்றையும் 0.05 அளவில் சோதித்தால், மூன்று சிகிச்சைக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும், ஏதாவது ஒரு ஜோடியில் பொய்யாக வித்தியாசம் தென்படும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம் ஆகிவிடும். அதைத் தடுக்க, போன்ஃபெரோனி முறையில் 0.05-ஐ 3-ஆல் வகுக்கிறோம்; 0.0167 வரும். Zα 1.96-லிருந்து 2.39 ஆகிறது. இப்போது குழுவுக்கு 84 பேர், மொத்தம் 189-க்குப் பதில் 252.

பலர் இந்தத் திருத்தத்தைக் கடைசியில், முடிவுகளை அலசும்போது மட்டும் செய்கிறார்கள். 63 பேரை வைத்துக்கொண்டு 0.0167-இல் சோதித்தால் பவர் 66 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நன்றாக வேலை செய்யும் சிகிச்சையைக்கூட மூன்றில் ஒரு முறை தவறவிடுவோம். அத்தனை பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து போனதற்கு இது நியாயமில்லை.

252 பேர் கிடைக்க மாட்டார்கள் என்றால், கேள்வியைச் சுருக்கலாம். ஒத்தடம், டேப் இரண்டையும் உடற்பயிற்சியோடு மட்டும் ஒப்பிடுவதாக முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவிட்டால் ஜோடிகள் இரண்டுதான். குழுவுக்கு 77 பேர். டேப்பா ஒத்தடமா என்ற கேள்விக்கு அப்புறம் உறுதியான பதில் சொல்ல முடியாது, அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். செய்யக் கூடாதது, எதிர்பார்க்கும் வித்தியாசத்தை 10-லிருந்து 12 ஆக ஏற்றுவது. எண்ணிக்கை 84-லிருந்து 59-க்கு இறங்கிவிடும், அதனால்தான் ஆசை காட்டுகிறது. அந்த 12 எங்கிருந்து வந்தது என்று திட்டத்தில் ஒரு வரிகூட இல்லையென்றால், கணக்கைப் பின்னாலிருந்து போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

பல அளவீடுகள் இருந்தாலும் இதே வழிதான்: வலி, நடை வேகம் இரண்டில் எது தேறினாலும் வெற்றி என்றால் 0.05-ஐப் பிரிக்க வேண்டும். இரண்டும் தேறினால்தான் வெற்றி என்றால் பிரிக்க வேண்டாம். ஆனால் தலா 80 சதவீத பவர், இரண்டுக்கும் தொடர்பு இல்லாவிட்டால், சேர்ந்து 64 ஆகிவிடும். அப்போது ஒவ்வொன்றுக்கும் 90 சதவீதம் வைத்துக் கணக்குப் போடுங்கள்.