மூலை மழுங்காமல், வளைவு நசுங்காமல்

மன்னார்குடியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். வயலில் ஓடும் பம்புசெட்டை பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாண மாதிரியாகச் செய்கிறார். எஞ்சின் உட்காரும் சதுர இரும்புச் சட்டம், சப்டிவிஷன் கொடுத்ததும் உருளையாகிவிடுகிறது. மூலையை ஒட்டிக் கூடுதல் விளிம்புகள் வைத்தால் சட்டம் சரியாகிறது. அதையே தண்ணீர்க் குழாயில், கிளைக்குழாய் சேரும் இடத்தில் செய்தால் பரப்பு நசுங்குகிறது. ஏன்?

சப்டிவிஷன் என்பது பரப்பை வழவழப்பாக்க 1978இல் கேட்மல், கிளார்க் இருவரும் வெளியிட்ட கணக்கு. ஒவ்வொரு பக்கத்தையும் நான்காக வெட்டி, புள்ளிகளை நகர்த்தி, அதையே திரும்பத் திரும்பச் செய்கிறது. ஒரு புள்ளி கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதுதான் இதில் அழகு. நீண்ட சட்டத்தின் குறுக்குவெட்டில், தன் இடத்தை நான்கு பங்காகவும் இரு பக்கத்து அண்டைப் புள்ளிகளை ஒவ்வொரு பங்காகவும் கூட்டி, ஆறால் வகுத்த இடத்தில் அது நிற்கும்.

சட்டத்தின் பக்கம் 10 செ.மீ. என்றால் அண்டைப் புள்ளிகளும் 10 செ.மீ. தள்ளி இருக்கின்றன. மூலை இரு திசையிலும் 1.67 செ.மீ. உள்ளே போய்விடும், சதுரம் ஏறக்குறைய வட்டமாகிவிடும். மூலையின் இருபுறமும் 0.5 செ.மீ. தள்ளி ஒவ்வொரு தாங்கு விளிம்பு வைத்தால், மூலை ஒவ்வொரு திசையிலும் நகர்வது 1 மி.மீ.க்கும் குறைவு. பெவல் கருவியில் Segments 2, Profile 1 என்று கொடுத்தாலே இந்த அமைப்பு வந்துவிடும். தாங்கு விளிம்பின் புள்ளியும் அதன் இரு அண்டைகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், சராசரியும் அந்தக் கோட்டிலேயே விழுகிறது. அங்கிருந்து பக்கம் தட்டையாகவே நிற்கும்.

குழாயைக் கெடுப்பதும் இதே விதிதான். 10 செ.மீ. ஆரமுள்ள குழாயை எட்டுப் பக்கங்களால் செய்தால், ஒவ்வொரு பக்கத்தின் நடுவும் உண்மையான வட்டத்திலிருந்து 7.6 மி.மீ. உள்ளே இருக்கும். கிளைக்குழாய் சேரும் துளையைச் சுற்றி வைக்கும் தாங்கு விளிம்புகள் அந்தத் தட்டைப் பக்கத்தின் மேல்தான் உட்காருகின்றன. வளைய வேண்டிய இடத்தைத் தட்டையாகவே பிடித்து வைக்கின்றன.

ஆகவே துளை போடுவதற்கு முன்பே பக்கங்களை 32 ஆக்குங்கள். உள்வாங்கல் அரை மி.மீ.யாகக் குறையும். துளையைச் சுற்றிய புள்ளிகளை, சப்டிவிஷன் கொடுத்த, துளையிடாத குழாயின் நகல் மீது Shrinkwrap கொண்டு படியவைத்தால் அந்த மீதியும் பெருமளவு போய்விடும். எல்லா மூலைக்கும் இத்தனை கோடு என்று மந்திரம்போல் ஓர் எண்ணைச் சொல்லிக்கொடுக்கும் பழக்கத்தை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். எத்தனை கோடு என்பதை வளைவும் தூரமும்தான் தீர்மானிக்கின்றன.

சாம்பல் நிறத்தில் பார்த்தால் பிழை தெரியாது. பளபளக்கும் Matcap ஒன்றைப் போட்டு மாதிரியைச் சுழற்றுங்கள். ஒளிக்கோடு துளையருகே சுருங்கினாலோ, ஒடிந்தாலோ, பிழை அங்கேதான் இருக்கிறது.