7 மருந்து, 21 ஜோடி: எது முதலில்?

பல மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடும்போது அவை ஒன்றோடொன்று மோதி ஆபத்து வரலாம். அவற்றில் எதை முதலில் கவனிப்பது என்று பார்க்க ஒரு மாதிரிப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பாட்டிக்கு 76 வயது, எடை 48 கிலோ. ஒழுங்கற்ற இதயத் துடிப்பால் ரத்தம் உறைந்துவிடாமல் தடுக்க வார்ஃபரின், ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், கால் வீக்கத்துக்கு ஃபுரோசிமைடு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், அதோடு தைராக்சினும் கால்சியமும் சாப்பிடுகிறார். இந்த ஆறும் மருந்துச் சீட்டில் இருக்கின்றன. ஏழாவதான டைக்ளோஃபெனாக் சீட்டில் இல்லை. மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் நேரடியாக வாங்கியது. அதனால் சீட்டை மட்டும் பார்க்காமல், வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வதுதான் முதல் வேலை.

ஏழு மருந்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 21 ஜோடிகள் வரும். அத்தனையையும் எழுதிக் கொடுத்தால் மருத்துவருக்கு எதுவும் கண்ணில் படாது. எந்தப் பாதிப்பு உயிரைத் தொடும், அது இவருக்கு நேர எவ்வளவு வாய்ப்பு என்ற இரண்டையும் வைத்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும்.

| வரிசை | சேர்க்கை | கவலை | செய்ய வேண்டியது |
|---|---|---|---|
| 1 | வார்ஃபரின் + டைக்ளோஃபெனாக் | வயிற்றில் ரத்தக்கசிவு | வலிமாத்திரையை மாற்றுவது |
| 2 | எனலாப்ரில் + ஃபுரோசிமைடு + டைக்ளோஃபெனாக் | திடீர் சிறுநீரகச் செயலிழப்பு | கிரியாட்டினின், பொட்டாசியம் பரிசோதனை |
| 3 | தைராக்சின் + கால்சியம் | தைராக்சின் உடலில் சரியாகச் சேராது | 4 மணி நேர இடைவெளி |

முதல் வரிசையில் ஒரு பொறி இருக்கிறது. டைக்ளோஃபெனாக் இரைப்பையின் உள்பூச்சைப் புண்ணாக்கும், ரத்தத் தட்டணுக்களையும் மந்தமாக்கும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வார்ஃபரினுக்காகச் செய்யும் ஐ.என்.ஆர். பரிசோதனை இந்த இரண்டையும் அளப்பதில்லை. அதனால் ஐ.என்.ஆர். சரியாக இருக்கும்போதே ரத்தம் கசியலாம்.

இரண்டாவது வரிசையில் இருப்பவை மூன்று மருந்துகள். ஜோடி ஜோடியாக மட்டும் பார்த்தால் இதன் முழு ஆபத்து தெரியாது. ஃபுரோசிமைடு உடலின் நீரைக் குறைக்கிறது. சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் வரும் குழாயை டைக்ளோஃபெனாக் சுருக்குகிறது. வெளியேறும் குழாயை எனலாப்ரில் தளர்த்துகிறது. உள்ளே வருவது குறைந்து, வெளியேறுவது எளிதானால் வடிகட்டத் தேவையான அழுத்தம் விழுந்துவிடும். வயிற்றுப்போக்கு வந்த நாளில் நிலைமை இன்னும் மோசமாகும்.

தசையில் உருவாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுதான் கிரியாட்டினின். பாட்டியின் ரத்தத்தில் அது 1.1. பார்த்தால் பரவாயில்லை என்றே தோன்றும். ஆனால் வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 33 மில்லிலிட்டர்தான் வடிகட்டுகிறது. தசை குறைந்த உடலில் கிரியாட்டினினும் குறைவாகவே உருவாகும், அதனால் வந்த ஏமாற்று இது. இந்த எண்தான் இரண்டாவது வரிசையை அத்தனை மேலே வைக்கிறது. சிறுநீரகம் இன்னும் தளர்ந்தால் மெட்ஃபார்மின் உடலில் தேங்கும் என்பதால், அதன் அளவையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு வரிசையிலும் இருப்பது டைக்ளோஃபெனாக். அதை எடுத்தால் இரண்டு கவலையும் ஒன்றாகக் குறையும். பதிலுக்குப் பாராசிட்டமால் தரலாம். ஆனால் தினமும் தொடர்ந்தால் அதுவும் ஐ.என்.ஆரை உயர்த்தக்கூடும், சில நாட்களில் மறுபடி பரிசோதிக்க வேண்டும். அதுவரை மலம் தார் போலக் கறுத்தாலோ சிறுநீர் குறைந்தாலோ, அடுத்த முறை பார்க்கலாம் என்று விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.